லெட்சுமியைத் தேடும் மரம்: ஒரு விண்ணப்பக் கடிதத்தின் இரண்டாம் பத்தி

(செமோரில் கணினித் துறைப் பட்டதாரிகளுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பொதுவாகப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அவ்வளவு அகலமாக நான் போகப்போவதில்லை. மென்பொருள் வேலைக்குப் போகும் விண்ணப்பக் கடிதத்தில், அதாவது கவர் லெட்டரில், இரண்டாவது பத்தி ஒன்று வரும். "நான் செய்த திட்டம் இது" என்று சொல்லும் பத்தி. அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் புதிதாக ஆள் எடுக்கும்போது கடிதங்களை முதலில் படிப்பது என் பொறுப்பு. கம்பாரிலிருந்து வரும், ஸ்ரீ இஸ்கண்டாரிலிருந்து வரும், ஈப்போ பாலிடெக்னிக்கிலிருந்தும் வரும். பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்தான்: "தரவுக் கட்டமைப்புகளில் எனக்கு ஆழ்ந்த அறிவு உண்டு. ஹாஷ் டேபிள், லிங்க்ட் லிஸ்ட், பைனரி ட்ரீ ஆகியவற்றைப் பயன்படுத்தி ஒரு திட்டம் செய்துள்ளேன்." இதைப் படித்து நான் என்ன தெரிந்துகொள்வது? அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறார் என்பது மட்டும்தான். அது கூடவே வரும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது.

நான் தேடுவது வேறு. இந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒரு சிக்கல் இருந்ததா? அதற்கு இரண்டு மூன்று வழிகள் இருந்தபோது ஏன் இந்த வழியை எடுத்தது? எடுத்த வழி எங்கே உதவாமல் போனது? இந்த மூன்றுக்கும் ஏழெட்டு வரியில் பதில் இருந்தால் அந்தக் கடிதத்தைத் தனியே எடுத்து வைப்பேன். சும்மா சொன்னால் புரியாது. நம் ஊருக்குப் பொருந்தும் ஒரு திட்டத்தை எடுத்து, அது எப்படிக் கடிதமாகிறது என்று கடைசிவரை பார்ப்போம்.

ஒரு மரண சகாயச் சங்கம். தோட்டம் இருந்த காலத்தில் தொடங்கியது. தோட்டத்தை விற்று, லயங்களை இடித்து, ஜனங்கள் செமோர், தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போ என்று தாமான் வீடுகளுக்குப் போய்விட்ட பிறகும் மாதச் சந்தா நிற்கவில்லை. உறுப்பினர்கள் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டும். செயலாளர் பழைய பேரேட்டைப் புரட்டி, இறந்தவர் உறுப்பினரா, சந்தா கட்டியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் அழுகை கேட்டுக்கொண்டிருக்கும்போது இவர் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். செயலாளரின் பேத்தி கணினி படிக்கிறாள் என்றும், இறுதியாண்டுத் திட்டமாக இந்தத் தேடலை எடுத்துக்கொண்டாள் என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதலில் அவளுக்குத் தோன்றுவது அடையாள அட்டை எண்தான். எண் கையில் இருந்தால் ஹாஷ் டேபிள் போதும். எத்தனை பேர் இருந்தாலும் ஒரே எட்டில் போய் எடுத்துவிடலாம். இன்றைய 12 இலக்க எண் அதற்காகவே செய்தது போல இருக்கிறது. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்கில் பிறந்தவர் என்றால் பெரும்பாலும் 08. ஆனால் பேரேட்டில் பாதிப் பேருக்குப் பழைய அட்டை எண் இருக்கிறது, சிலருக்கு எந்த எண்ணுமே இல்லை. எல்லோருக்கும் இருப்பது பெயர் ஒன்றுதான்.

பெயரில்தான் வம்பு. 1948இல் அவசரகாலத்தின்போது மலாயாவில் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணி செக்ரோலில் ஒரு மாதிரி எழுதியிருப்பார், பதிவு அலுவலகத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாதிரி. எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. அதனால் ஒரே வீட்டில் அண்ணன் `Muniandy`, தம்பி `Muniandi`. ஒரே பெயரை `Subramaniam` என்றும் `Supramaniam` என்றும் பார்க்கிறோம். பெண்கள் பெயரில் `Letchumy`, `Letchumi`, `Lechumi`, `Lakshmi`. ஒருத்தியின் பெயரே மூன்று தாள்களில் மூன்று விதமாக இருக்கும். ஹாஷ் டேபிளுக்கு இது பெரிய இடி. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு அறைக்குப் போய்விடும், "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வரும்.

இதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதை அவள் கடிதத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நேர்முகத்தில் நான் கட்டாயம் கேட்பேன். நம் பெயர்கள் ஒற்றைப் பெயர் அல்ல, தகப்பன் பெயரோடு சேர்ந்து நிற்பவை. நடுவில் வருவது ஒரு தாளில் `a/l`, இன்னொன்றில் `A/P`, வெள்ளைக்காரன் காலத்துத் தாளில் `s/o`, `d/o`. அதை அப்படியே ஒரே சரமாக வைத்துத் தேடினால் கணக்கு முழுவதும் கோணலாகும். முதலில் வெட்ட வேண்டும்:

```python
re.split(r"\s+(?:a/l|a/p|s/o|d/o)\s+", name, flags=re.I)
```

ஒரே வரிதான். `Letchumy a/p Muniandy` இரண்டு துண்டாகும். சொந்தப் பெயர் ஒரு பக்கம், தகப்பன் பெயர் ஒரு பக்கம். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்த வரி இருக்காது. தன் தரவை உட்கார்ந்து பார்த்தவர்தான் இதை எழுதுவார்.

அடுத்து அவள் ட்ரை என்ற மரத்தை முயன்று பார்த்தாள் என்று வைப்போம். எட்வர்ட் ஃப்ரெட்கின் 1960இல் பெயர் வைத்தது. பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கிளை கிளையாக இறங்குவது. கைப்பேசியில் இரண்டு எழுத்து தட்டியதும் மீதியைக் காட்டுகிறதே, அந்த மாதிரி வேலைக்குப் பொருத்தமானது. `Letch` என்று தட்டினால் `Letchumy`, `Letchumi` இரண்டும் வரும். ஆனால் `Sub` என்ற கிளையில் இறங்கியவருக்கு `Sup` என்ற கிளையில் இருக்கும் சுப்பிரமணியம் கண்ணிலேயே பட மாட்டார். வேறுபாடு பெயரின் கடைசியில் வந்தால் ட்ரை தாங்கும், முன்னால் வந்தால் தாங்காது.

அதனால் கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. "இந்தப் பெயர் இருக்கிறதா" என்று கேட்பதை விட்டு, "இந்தப் பெயருக்குப் பக்கத்தில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன" என்று கேட்க வேண்டும். பக்கம் என்றால் அளவு வேண்டும். சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965இல் கொடுத்த அளவு இதற்கு உதவும். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. குறைந்தபட்ச எண்ணிக்கைதான் தொலைவு. `Muniandy`, `Muniandi`: தொலைவு 1. `Letchumy`யில் `t`யை எடுத்து, `y`யை `i` ஆக்கினால் `Lechumi`: தொலைவு 2.

இந்தத் தொலைவை வைத்துப் பெயர்களை அடுக்கும் மரம்தான் பி.கே. மரம். பர்க்ஹார்ட், கெல்லர் என்ற இருவர் 1973இல் வெளியிட்டது. வேரில் ஏதாவது ஒரு பெயரை வையுங்கள். அடுத்து வரும் பெயருக்கும் வேருக்கும் என்ன தொலைவோ, அந்த எண்ணுள்ள கிளையில் அதைத் தொங்கவிடுங்கள். அந்தக் கிளையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால், அதனிடம் போய் மறுபடி தொலைவு பார்த்து இறங்குங்கள். அடுக்கும் முறை இவ்வளவுதான்.

நம் லெட்சுமிகளை வைத்தே பார்ப்போம். வேரில் `Letchumy`. அதற்கு `Letchumi` 1, `Lechumi` 2, `Lakshmi` 5. மூன்று கிளை, மூன்று எண். இப்போது செயலாளர் `Letchmi` என்று தட்டுகிறார், தொலைவு 2 வரை ஏற்கலாம் என்று வைக்கிறோம். வேருக்கும் இதற்கும் தொலைவு 2. அப்படியானால் நாம் தேடும் பெயர்கள் வேரிலிருந்து 0 முதல் 4 தொலைவுக்குள்தான் இருக்க முடியும். 2இல் 2ஐக் கழித்தால் 0, கூட்டினால் 4. ஆகவே கிளை 1, கிளை 2 இரண்டையும் திறந்து பார்க்கிறோம், `Letchumi`யும் `Lechumi`யும் கிடைக்கின்றன. கிளை 5ஐத் திறக்கவே வேண்டாம். அதன் கீழே ஆயிரம் பெயர் தொங்கினாலும் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

```python
def search(node, q, k):
    d = distance(node.name, q)
    if d <= k:
        yield node.name
    for edge, child in node.children.items():
        if d - k <= edge <= d + k:
            yield from search(child, q, k)
```

அந்தக் கடைசி `if` வரிதான் இந்த மரத்தின் உயிர். "ஏன் இந்த வரி சரி?" என்று நேர்முகத்தில் கேட்பேன். ஒரு முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடக் குறையாது, லெவன்ஷ்டைன் தொலைவும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லத் தெரிந்தால் போதும். சொல்லத் தெரியாவிட்டால் அந்த மரத்தைப் பற்றிக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது.

இனிமேல் வருவதுதான் கடிதத்துக்கு உயிர் கொடுக்கிற பகுதி. இரண்டு இடத்தில் இந்தத் திட்டம் இடறும்.

முதல் இடம், `Lakshmi`. மேலே கிளை 5ஐ விட்டுவிட்டோம் அல்லவா? மரத்தின் கணக்குப்படி அது சரி. `Letchmi`க்கும் `Lakshmi`க்கும் தொலைவு 3, நாம் வைத்த எல்லை 2. ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இரண்டும் ஒரே பெயர் என்பார். ஒலியை வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சவுண்டெக்ஸுக்குப் போவார்கள். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய முறை அது. போட்டுப் பாருங்கள்: `Lakshmi`க்கும் `Lechumi`க்கும் `L250` வருகிறது, ஆகா என்று சந்தோஷப்படுவோம். `Letchumy`க்கு `L325` வந்து நிற்கும். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த முறைக்கு நம் வாயில் `t`யும் `ch`ம் சேர்ந்து ஒரே ஒலியாக வருவது எப்படித் தெரியும்? இதற்குக் கணக்கில் மருந்து இல்லை. அவள் தாத்தாவோடு உட்கார்ந்து, எந்தெந்தப் பெயர்கள் ஒன்று என்று கேட்டு, கையால் ஓர் இணைப்பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும். அதைச் சின்ன ஹாஷ் டேபிளில் வைத்துக்கொண்டால், முதலில் விரட்டிவிட்ட ஹாஷ் டேபிள் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது இடம், குட்டிப் பெயர்கள். `Ravi`க்கும் `Rani`க்கும் தொலைவு 1. `Ravi`க்கும் `Mani`க்கும் தொலைவு 2. நீளமான பெயருக்கு ஏற்ற எல்லையை நான்கெழுத்துப் பெயருக்கும் வைத்தால், ரவி இறந்துபோனார் என்று தேடப்போய் ராணியின் பெயரும் மணியின் பெயரும் வந்து நிற்கும். அதனால் ஐந்து எழுத்துக்கு உட்பட்ட பெயரென்றால் அப்படியே பொருந்த வேண்டும், தகப்பன் பெயரில் மட்டும் தளர்வு கொடுக்கலாம் என்று தனி விதி போட வேண்டியிருக்கும். இன்னொரு வினையும் உண்டு. பக்கத்தில் இருப்பவற்றையெல்லாம் ஒரே ஆள் என்று தானாகச் சேர்க்கும்படி எழுதிவிட்டால், `Ramu`வோடு `Raju` சேரும், `Raju`வோடு `Raja`, `Raja`வோடு `Rajan`. நான்கு குடும்பத்தின் சந்தா ஒரே கணக்கில் விழும். செயலி பெயர்களைக் காட்டலாம், சேர்க்கும் முடிவைச் செயலாளர்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, மனதைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொண்டு ஒரு கணக்குப் போட வேண்டும். 1,200 பெயருக்கு இந்த மரம் தேவையா? ஒரு பெயரோடு தொலைவு பார்க்க ஏறக்குறைய பத்துக்குப் பத்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும், அதாவது நூறு. 1,200 பெயருக்கு 1,20,000 கட்டம். பைதானில் எழுதினால்கூட ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வரிசையாக எல்லாப் பெயரையும் பார்த்துக்கொண்டு போனாலே சங்கத்துக்குப் போதும். ஒரு லட்சம் பெயர் என்றால் ஒரு கோடிக் கட்டம். பைதானில் சில நொடிகள் ஆகும், அங்கேதான் மரம் கைகொடுக்கும். அப்போதும் எல்லை 2 என்று வைத்தால் மரத்தில் கணிசமான பங்கைத் திறக்க வேண்டியிருக்கும். "தேடலை `O(n)`இலிருந்து `O(log n)`ஆகக் குறைத்தேன்" என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். பி.கே. மரம் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. அந்த ஒரு வரியைப் படித்ததும், நகலெடுத்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, கடிதம். நிறுவனம் பாயான் லெப்பாஸில் இருந்தாலும் சைபர்ஜெயாவில் இருந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருளை நான் தமிழில் சொல்கிறேன். முதல் பத்தி இரண்டு வரி: எந்த வேலைக்கு, எந்த விளம்பரத்தைப் பார்த்து, என்ன படிப்பு, எப்போது முடித்தீர்கள். அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் பத்தி இப்படி இருக்கலாம்:

"என் இறுதியாண்டுத் திட்டமாக, ஒரு மரண சகாயச் சங்கத்தின் 1,200 உறுப்பினர்களைப் பெயரால் தேடும் செயலியை பைதானில் எழுதினேன். ஒரே பெயர் பல விதமாக எழுதப்பட்டிருந்ததால் ஹாஷ் டேபிளும் ட்ரையும் உதவவில்லை. லெவன்ஷ்டைன் தொலைவை அடிப்படையாகக் கொண்ட பி.கே. மரத்தைச் செய்து பார்த்தேன். இந்த அளவுக்கு வரிசைத் தேடலே போதும் என்று அளந்து தெரிந்துகொண்டதால் சங்கத்துக்கு அதையே கொடுத்தேன். மரத்தை ஒரு லட்சம் கற்பனைப் பெயர்களில் சோதித்தேன். `Letchumy`, `Lakshmi` போன்ற இணைகளை இந்த முறை பிடிக்காது. அவற்றுக்குச் சங்கச் செயலாளரின் உதவியோடு தனிப்பட்டியல் தயாரித்தேன். குட்டிப் பெயர்களில் தவறான பொருத்தங்கள் வந்ததால் பெயரின் நீளத்துக்கு ஏற்ப எல்லையை மாற்றினேன்."

எட்டே வாக்கியம். "ஆழ்ந்த அறிவு" என்ற சொல்லே இல்லை. ஆனால் படிப்பவருக்குக் கேட்க ஐந்தாறு கேள்வி உடனே தோன்றும். தோன்றும் கேள்வியெல்லாம் உங்களுக்கு விடை தெரிந்த கேள்வி. நேர்முகம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். என் அனுபவத்தில், "அதையே கொடுத்தேன்" என்ற அந்த நான்காம் வாக்கியத்தைத்தான் மாணவர்கள் எழுதத் தயங்குவார்கள். கஷ்டப்பட்டுச் செய்த மரத்தை ஓரமாக வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். எனக்கு அந்த வாக்கியம்தான் மிகவும் பிடிக்கும். வேலைக்கு வந்த பிறகு, தேவையில்லாத இடத்தில் தேவையில்லாததைக் கட்டி எங்கள் தலையில் ஏற்ற மாட்டார் என்று நம்பிக்கை வரும்.

மூன்றாம் பத்தி, அந்த நிறுவனம் செய்யும் வேலைக்கும் உங்கள் திட்டத்துக்கும் தொடர்பு இருந்தால் ஒரு வரி, கிட்ஹப் முகவரி, எப்போது வேலைக்குச் சேர முடியும். கிட்ஹப்பில் ஏற்றும்போது கவனம் வேண்டும். சங்கத்தின் உண்மையான பட்டியலை, அடையாள அட்டை எண்ணோடு, சோதனைத் தரவாக அப்படியே போட்டுவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாடு இது. சட்டம் உங்கள் சின்னத் திட்டத்துக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பிறர் தகவலை இப்படிப் போட்டு வைப்பவரிடம் வாடிக்கையாளர் தரவை எந்த நிறுவனமும் கொடுக்காது. கோப்பைப் பிறகு அழித்தாலும் கிட்டின் பழைய பதிவுகளில் அது கிடக்கும். முதலிலேயே கற்பனைப் பெயர்களை உருவாக்கிப் போடுங்கள், அந்தப் பெயர்கள் எப்படி உருவாயின என்பதையும் ரீட்மீயில் எழுதிவையுங்கள்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தங்கை சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வி கையில் இருக்கிறது: "சார், எங்கள் திட்டத்தை நான்கு பேர் சேர்ந்து செய்தோம். நான் மரத்தை எழுதவில்லை, பெயரை வெட்டிச் சுத்தம் செய்யும் பகுதியை மட்டும் எழுதினேன். கடிதத்தில் என்ன எழுதுவது?" நான்கு பேர் செய்தது என்று எழுதும்மா, உன் பகுதி எது என்றும் எழுது. `a/l`, `a/p` எத்தனை விதமாக வந்தன, எந்தப் பெயரில் உன் வெட்டு தப்பாகப் போனது, தகப்பன் பெயரே இல்லாத பதிவை என்ன செய்தாய் என்று இரண்டு வரி சேர்த்துக்கொள். மரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அதை எழுதிய நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள், ஏனென்றால் நேர்முகத்தில் நான் அதையும் கேட்பேன்.